பாசி எடுக்கும் அக்காவின் பேட்டி: அவர் பேச்சில் எவ்வளவு கை வைக்கலாம்?

உப்பளம்

பாம்பன் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றில், தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுக்கும் அக்கா ஒருவரைப் பேட்டி எடுத்தேன். ஒலிப்பதிவு கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஓடுகிறது. கேள்வி பதிலாக வெளியிடலாம் என்று எண்ணம். அவர் பேச்சை அப்படியே போட்டால் படிப்பவர் பாதியில் ஓடிவிடுவார், திருத்தினால் அது அவர் பேச்சாக இருக்குமா என்று குழப்பம். ஒரு துண்டை மட்டும் இங்கே தருகிறேன். முதலில் பதிவில் இருப்பது:

நான்: இப்ப பாசி குறைஞ்சு போச்சாக்கா?

அவர்: "குறைஞ்சுதான் போச்சு. முன்னாடியெல்லாம் ஒரு எடத்துல முங்குனா பை நெறையும். இப்ப அங்கிட்டு இங்கிட்டு அலையணும். பாசி இல்லாமயும் இல்ல, தண்ணி கலங்கிக் கெடக்குல்ல, கண்ணு தெரியாது. அன்னைக்குப் புடிச்சிட்டுப் போனாக பாரு, அதுல இருந்து அந்தப் பக்கம் போறதில்ல. போனா கெடைக்கும். ஒரு நாளைக்கு இருவது இருவத்தஞ்சு கிலோ எடுப்பேன், காஞ்சா அஞ்சு தேறும்."

நான் எழுதி வைத்திருப்பது:

"முன்பு ஓரிடத்தில் மூழ்கினாலே பை நிறைந்துவிடும். இப்போது பாசி குறைந்துவிட்டது. நாள் முழுக்க அலைந்தாலும் 25 கிலோதான் கிடைக்கிறது. அதிகாரிகள் எங்களைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது."

நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் நண்பர் ஒருவர் "இது அவங்க சொன்னதா, நீ சொன்னதா?" என்று கேட்டுவிட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரன்

தலைப்பை முழுசாகப் படிக்கவில்லை, பேட்டி, கேள்வி என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். எனக்கு அடுத்த வாரம் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஊர், படிப்பு இரண்டையும் சொன்னால் போதுமா, குடும்பத்தையும் சொல்ல வேண்டுமா?

பனைமரத்தடி

தம்பி, அது வேற பேட்டி. வேலைவாய்ப்புப் பகுதியில் போய்க் கேளுங்கள்.

ஒலிநாடா

உப்பளம், இதில் குழப்பமே வேண்டாம். மேற்கோள் குறி போட்டால் உள்ளே ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. அவர் "அ... வந்து..." என்று இழுத்தாரானால் அதையும் போட வேண்டும். இருமினால் "இருமுகிறார்" என்று போட வேண்டும். நான் எங்கள் தாத்தாவின் நினைவுகளை அப்படித்தான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது மேற்கோளே இல்லை, உங்கள் கட்டுரை.

வடகடல்

நான் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்துவந்த பேட்டிகளைச் செதுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன். ஊர் தங்கச்சிமடம்.

ஒலிநாடா சொல்வதில் ஒரு பாதி சரி. குறிக்குள் இருப்பது பேசியவருடையதாக இருக்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இருமலையும் இழுப்பையும் காப்பாற்றுவது ஆவணக் காப்பகத்துக்கான ஒழுங்கு. தாத்தாவின் பதிவுக்கு அது சரி, நாளைக்கு ஆராய்ச்சி செய்பவருக்கு அது வேண்டும். படிப்பதற்கு வெளியிடும் பேட்டியில் "அ", "வந்து", ஒரே வாக்கியத்தை மூன்று தடவை தொடங்குவது இவற்றை எடுத்துவிடலாம். பொருள் மாறாது. நடுவில் ஒரு வாக்கியத்தையே விட்டால் மூன்று புள்ளி. நாம் ஒரு சொல்லைச் சேர்த்தால் சதுர அடைப்பு. இவ்வளவுதான் கணக்கு.

உப்பளம் தம்பியின் சிக்கல் இழுப்பிலும் இருமலிலும் இல்லை. அந்தப் பதிலை வரிவரியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், "பாசி இல்லாமயும் இல்ல" என்ற வரி காணோம். அந்தப் பதிலின் முதுகெலும்பே அதுதான். குறைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்டீர்கள், அவர் "குறைஞ்சுதான் போச்சு" என்று ஆமோதித்துவிட்டு, உடனே திரும்பி, பாசி இருக்கிறது, தண்ணீர் கலங்கியிருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, ஓரிடத்துக்கு நாங்கள் போவதில்லை, போனால் கிடைக்கும் என்கிறார். அதாவது குறைந்தது பாசியா, இவர்கள் கைக்கு வருவதா என்பதை அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். நீங்கள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு சொல்லும் அவருடையதாக இருந்தாலும் இது தப்பான மேற்கோள்தான்.

இதே இடத்தில் இன்னொன்று. பேட்டி எடுத்தது எந்த மாசம்? கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தென்கடல் கலங்கித்தான் கிடக்கும். அப்போது "இப்ப" என்று ஒருவர் சொன்னால் அது இந்தக் காலமா, இந்தப் பருவமா? எடுத்த மாசத்தைப் பேட்டியின் தலையிலேயே போடாவிட்டால் படிப்பவர் அதைப் பத்து வருஷக் கதையாக எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, 25 கிலோ. அவர் "இருவது இருவத்தஞ்சு" என்றார். அது ஒரு உத்தேசம். அதை 25 ஆக்கியதும் அது கணக்காகிவிட்டது. "தான்" என்று ஒரு ஒட்டு வேறு சேர்ந்திருக்கிறது. அவர் குறையாகச் சொல்லவே இல்லை, "எடுப்பேன்" என்றார். ஈரத்தில் இவ்வளவு, காய்ந்தால் அஞ்சு என்பதும் போய்விட்டது. வியாபாரி காசு கொடுப்பது காய்ந்த எடைக்கு என்றால், நீங்கள் தூக்கியெறிந்த "அஞ்சு"தான் அவர் வருமானம். படிக்கிறவர் 25 கிலோவை விலையால் பெருக்கிப் பார்த்து "பரவாயில்லையே" என்பார்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "புடிச்சிட்டுப் போனாக." யார் பிடித்தார்கள்? யாரை, எதைப் பிடித்தார்கள்? அவர் சொல்லவில்லை. நம் பேச்சில் எழுவாய், செயப்படுபொருள் இரண்டையும் விழுங்கிவிட்டுப் பேசலாம், எதிரில் இருப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில். எழுத்தில் வைக்கும்போது அந்தக் காலியிடம் உறுத்தும். உடனே கை தானாகப் போய் நிரப்பும். நீங்கள் "அதிகாரிகள்", "எங்களை" இரண்டையும் நிரப்பியிருக்கிறீர்கள். "பயமாக இருக்கிறது" என்பதை அவர் சொல்லவே இல்லை. பதிவில் வேறு எங்காவது சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் அந்த அக்காவின் வாயால் அதிகாரிகள் மேல் ஒரு குற்றச்சாட்டு வெளியாகப் போகிறது. நாளைக்குக் கேள்வி அவரிடம்தான் வரும், உங்களிடம் அல்ல.

பனைமரத்தடி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் சித்தப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர், 1964 டிசம்பர் புயலில் தப்பியவர். ஒரு பத்திரிகைக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார். சித்தப்பா "ரயில் போச்சுன்னாக" என்றார். மறுநாள் கேள்விப்பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். அப்போது அவருக்கு ஏழு வயது, புயலுக்கு முந்தைய நாளே பாம்பனில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அச்சில் வந்தது, "என் கண் முன்னால் ரயில் கடலில் மூழ்கியது". அதற்குப் பிறகு ஊரில் எவனைப் பார்த்தாலும் "என்ன சித்தப்பா, ரயிலைப் பார்த்தீங்களாமே" என்று கிண்டல். அவர் அதற்கப்புறம் யாருக்கும் பேட்டி கொடுப்பதில்லை.

ஆகையால் என் கருத்து, பெரியவர்களிடம் பேட்டியே எடுக்கக்கூடாது. எல்லாம் மறந்திருக்கும்.

வடகடல்

பனைமரத்தடி அண்ணே, உங்கள் சித்தப்பா எதையும் மறக்கவில்லையே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். "போச்சு" என்று முடிக்காமல் "போச்சுன்னாக" என்றாரே, அந்த ஒட்டிலேயே "நான் பார்க்கவில்லை, சொன்னார்கள்" என்பது இருக்கிறது. எழுதியவர் அதை வெட்டிவிட்டார்.

இந்த ஒரு ஒட்டைக் கவனித்தாலே பாதித் தப்பு குறையும். எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது "-ஆம்", "என்றார்கள்", "என்பார்கள்", "போல" இவைதான் முதலில் உதிர்வது. வாக்கியம் சுருக்கென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் எடுத்துவிடுவோம். எடுத்தவுடன் கேள்விப்பட்டவர் சாட்சியாகிவிடுவார். நான் பதிவை எழுத்தாக்கும்போது ஓரத்தில் "பார்த்தது", "கேட்டது" என்று குறித்துக்கொண்டே போவேன்.

புயல் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. நம் பக்கம் "புயலுக்கு முன்னாடி" என்று எழுபது வயதுக்காரர் சொன்னால் பெரும்பாலும் 1964. முப்பது வயதுக்காரர் சொன்னால் 2018இல் வந்த கஜாவாக இருக்கலாம். எது என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் வந்துவிட்டு, குறிக்குள் ஆண்டைச் செருகுவது கூடாது. கேட்டு உறுதியானபின் சதுர அடைப்பில் போடலாம்.

உப்பளம்

பயமாக இருக்கிறது என்பது பதிவில் இல்லை, தேடிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்து நான் புரிந்துகொண்டது அது. பேட்டி எடுத்தது ஆடியில், நீங்கள் சொன்ன மாதிரி கச்சான் காலம்தான்.

"புடிச்சிட்டுப் போனாக" என்றால் இந்தப் பக்கம் யாருக்கும் அதிகாரிகள்தானே நினைவுக்கு வரும்? 21 தீவும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே இறங்கக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் அப்படி எழுதினேன். அதை விடுங்கள், என் கேள்விகள் சரியா என்று பாருங்கள். இதை வைத்துக்கொண்டுதான் போனேன்:

உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது? கடல் மாசுபட்டதால் பாசி குறைந்துவிட்டதா? பாசி வளர்ப்பில் என்ன லாபம்? அரசு உங்களைக் கண்டுகொள்வதில்லை என்று நினைக்கிறீர்களா? பெண்ணாக இந்தத் தொழிலில் என்ன கஷ்டம்? உங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா?

வடகடல்

முதல் கேள்விக்கு "போகுதுப்பா" என்று பதில் வந்திருக்கும். சரியா?

இரண்டாவதிலும் நான்காவதிலும் பதில் உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிள்ளை கேட்கிறதே என்று அவர் மரியாதைக்கு "ஆமாப்பா" என்பார். நம் ஊரில் விருந்தாளியிடம் "இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மாட்டார்கள். அப்புறம் நீங்கள் எழுதும்போது கேள்வி முழுவதும் பதிலுக்குள் இறங்கிவிடும்: "கடல் மாசுபட்டதால் பாசி குறைந்துவிட்டது என்கிறார் அவர்." அவர் சொன்னது "ஆமாப்பா" மட்டும். எனக்கு ஒரு விதி உண்டு: ஆமாம், இல்லை என்று வந்த பதிலை ஒருபோதும் மேற்கோளாக்க மாட்டேன். அதற்குப் பின்னால் அவராகச் சொன்ன வாக்கியம் இருந்தால் அதை எடுப்பேன்.

மூன்றாவது கேள்வி ஆளையே மாற்றிவிட்டது. மூங்கில் தெப்பம் கட்டிக் கயிற்றில் பாசி கட்டி வளர்ப்பவர்கள் வேறு, முங்கி எடுப்பவர்கள் வேறு. தெப்பத்தில் வளர்ப்பது வெளியிலிருந்து வந்த பாசி. ஊரில் சிலர் இன்னும் "பெப்சி பாசி" என்பார்கள், அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் இதில் இறங்கியிருந்ததால். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை அறுப்பார்கள். உங்கள் அக்கா எடுப்பது பாறையில் தானாக வளரும் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும். அவரிடம் வளர்ப்பு லாபத்தைக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர் கதையைத்தான் சொல்வார். போவதற்கு முன் மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி பட்டியலில் வந்திருக்காது.

எப்படிக் கேட்டிருக்கலாம் என்கிறீர்களா? நான் எப்போதும் ஒரு நாளைப் பிடித்துக்கொள்வேன். கடைசியாக எப்போது கடலுக்குப் போனீர்கள் என்று தொடங்க வேண்டும். "எப்போதும் எப்படிப் போவீர்கள்" என்று கேட்கக்கூடாது. "எப்போதும்" என்று கேட்டால் பொதுவாகச் சொல்வார்கள். "கடைசியாக" என்று கேட்டால் அந்த நாள் கண்ணில் வந்துவிடும். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வத்தையில் எத்தனை பேர், என்ன சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள், இறங்கின இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம், விரலில் என்ன சுற்றிக்கொண்டீர்கள், கரைக்கு வந்ததும் எங்கே காயப்போட்டீர்கள், எடை போட்டது யார், தராசு யாருடையது, காசு அன்றைக்கே வந்ததா, முன்பணத்தில் கழிந்ததா? இப்படிப் போனால் கஷ்டம் தானாக வந்து விழும். "என்ன கஷ்டம்" என்று கேட்கவே வேண்டாம். விரலில் துணி சுற்றுவதைச் சொல்ல ஆரம்பித்தவர், துணி நனைந்து கழன்றதும் பாறை கிழித்ததைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

இப்படி எட்டுப் பத்துக் கேள்வி போதும். பட்டியல் மடியில் இருக்கட்டும், கையில் வேண்டாம். பட்டியலில் இல்லாத மூன்று கேள்விகள்தான் உங்களைக் காப்பாற்றும்: "யாரு?", "எப்ப?", "நீங்க பாத்தீங்களா?" இவற்றை அவர் பேச்சு முடிகிற இடத்தில் மெல்லக் கேட்க வேண்டும், குறுக்கே விழக்கூடாது. "புடிச்சிட்டுப் போனாக" என்றதும் ஒரே ஒரு "யாருக்கா?" கேட்டிருந்தால் இந்த இழைக்கே வேலையில்லை.

ஊருக்கே தெரியும் என்பதால் அதிகாரிகள் என்று எழுதினேன் என்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்ததை ஊரின் பெயரில் எழுதுங்கள், அந்த அக்காவின் வாயில் வைக்காதீர்கள்.

நவபாஷாணம்

நான் தேவிபட்டினம் பக்கம் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

பேட்டி எங்கே நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள்? வீட்டு வாசலில் என்றால் கணவரோ மகனோ நிச்சயம் இருந்திருப்பார். பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்வார், இவர் தலையாட்டுவார். எழுதும்போது இரண்டும் ஒரே ஆள் சொன்னதாக வரும். வருமானம், கடன் பற்றிய பதில்களில் இது அதிகம். தராசு யாருடையது என்று வியாபாரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டுமா?

இன்னொன்று, பெயர். தீவுப் பக்கம் போவதை அவர் வெகுளியாகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் பெயர், ஊர், போட்டோ எல்லாம் போட்டு "அந்தப் பக்கம் போனா கெடைக்கும்" என்று அச்சிட்டால், பூங்கா எல்லைக்குள் போனேன் என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. "பேட்டி போடலாமாக்கா" என்று கேட்டதற்கு "போடுப்பா" என்றிருப்பார். எந்த வரி வெளியே போகிறது என்று தெரிந்து சொன்ன சம்மதம் இல்லை அது.

உப்பளம்

வாசலில்தான் நடந்தது. கணவர் இருந்தார், பாதி நேரம் வலை பின்னிக்கொண்டிருந்தார். காற்று இரைச்சலில் சில இடங்களில் யார் பேசுகிறார் என்றே பிரியவில்லை. "இருவது இருவத்தஞ்சு" அக்காதான், அது உறுதி. பிள்ளைகள் படிப்புச் செலவு பற்றி வருவது அவர் கணவர் குரல் என்று இப்போது தோன்றுகிறது.

வடகடல்

குரல் பிரியாத பதிலை யார் பெயரிலும் போட வேண்டாம். ஃபோனிலேயே திரும்பக் கேளுங்கள். அடுத்த தடவை கரையில் பதிவு செய்தால் ஃபோனைப் படகின் மறைவிலோ கொட்டகைக்குள்ளோ வையுங்கள், மைக் துளை மேல் ஒரு கைக்குட்டை மடித்துப் போட்டால் காற்று இரைச்சல் பாதியாகும். தொடங்கும்போது தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நவபாஷாணம் அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பெயரை விடலாம், ஊரைப் "பாம்பன் பக்கம்" என்று நிறுத்தலாம். ஆனால் ஆளை மறைக்கிறேன் என்று மேற்கோளுக்குள் கை வைத்து, இரண்டு பிள்ளையை மூன்றாக்குவது, கட்டக்கோரையை வேறு பாசியாக்குவது இதெல்லாம் வேண்டாம். விடுவது சரி, மாற்றுவது தப்பு.

ஒலிநாடா

சரி, இருமலை விட்டுவிடலாம். ஆனால் "போனாக", "அங்கிட்டு" இவற்றை "போனார்கள்", "அங்கே" என்று மாற்றுவதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது அவர் குரல். ராமநாதபுரத்துப் பேச்சு எழுத்தில் வர வேண்டாமா?

நவபாஷாணம்

வரட்டும், ஆனால் யாருடையது வருகிறது என்று பாருங்கள். ஒரே கட்டுரையில் அக்கா "போனாக" என்பார், அதிகாரி "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்பார். அந்த அதிகாரியும் உங்களிடம் "எடுத்துட்டுருக்கோம் சார்" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பேச்சைச் சலவை செய்துவிட்டு அக்காவுடையதை மட்டும் அப்படியே போட்டால், ஒருவர் படித்தவராகவும் ஒருவர் படிக்காதவராகவும் தெரிவார். எங்கள் குழுப் பெண் ஒருவர் தன் பேட்டியைப் படித்துவிட்டு, "என்னை இப்படிப் பட்டிக்காட்டாளா போட்டுட்டாகளே" என்று வருத்தப்பட்டார். எழுதியவர் மண்வாசனை என்று நினைத்திருப்பார்.

வடகடல்

இதில் எனக்கு உறுதியான முடிவு கிடையாது. நாங்கள் ஆசிரியர் பிரிவில் வைத்திருந்த வழக்கம், எல்லோருக்கும் ஒரே அளவு. ஒருவரைப் பேச்சு வழக்கில் விட்டால் எல்லோரையும் விட வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் எளிய எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்து, தொழில் சொல்லையும் சொலவடையையும் மட்டும் தொடாமல் விட வேண்டும். "முங்குனா பை நெறையும்" என்பதை "மூழ்கினால் பை நிறையும்" என்றால் பொருள் போகவில்லை, ஆனால் ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதும் தெரிகிறது. பதில் முழுவதும் பேச்சு வழக்கில் இருந்தால் மதுரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சில இடங்களில் தடுக்கி விழுவார்.

ஒலிநாடா

தடுக்கி விழட்டும். எழுந்து படிப்பார்.

உப்பளம்

நேற்று அக்காவிடம் ஃபோனில் பேசினேன். முழுக் கட்டுரையையும் படிக்கவில்லை, அவர் சொன்னதாக வரும் பகுதிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

"புடிச்சிட்டுப் போனாக" என்று படித்ததும் "யாரு புடிச்சாங்கக்கா?" என்று கேட்டேன். அதிகாரிகளே இல்லை! பக்கத்து ஊர்க்காரர்கள், எங்கள் எல்லைக்கு எப்படி வரலாம் என்று இவர்களுடைய வத்தையைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். ஆளை ஒன்றும் செய்யவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி இரண்டு நாளில் வத்தை வந்துவிட்டது. "அது பேசி முடிஞ்சு போச்சு, அதை ஏன்ப்பா போடுறே, மறுபடி சண்டை வரும்" என்றார். நடந்ததும் இந்த வருஷம் இல்லை, கொரோனாவுக்கு முந்தியாம். இங்கே எழுதலாமா என்று தனியாகக் கேட்டேன், ஊர்ப் பெயர் வராவிட்டால் சரி என்றார்.

படிப்புச் செலவு பற்றிச் சொன்னது கணவர்தான். அக்கா தனியாக வேறு தொகை சொன்னார். இரண்டையும் போடுவதா, அக்கா சொன்னதை மட்டுமா என்று தெரியவில்லை.

பதிலை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

கேள்வி: இப்போது பாசி குறைந்துவிட்டதா?

"குறைஞ்சுதான் போச்சு. முன்னாடியெல்லாம் ஒரு எடத்துல முங்குனா பை நெறையும். இப்ப [ஆடி மாதம்] அங்கிட்டு இங்கிட்டு அலையணும். பாசி இல்லாமயும் இல்ல, தண்ணி கலங்கிக் கெடக்குல்ல, கண்ணு தெரியாது... ஒரு நாளைக்கு இருவது இருவத்தஞ்சு கிலோ [ஈரப் பாசி] எடுப்பேன், காஞ்சா அஞ்சு தேறும்."

வடகடல்

இது நிற்கும். மூன்று புள்ளி வைத்த இடத்தில் ஒரு தகராறே ஒளிந்திருக்கிறது, ஆனால் அதை எடுத்ததால் மீதிப் பதிலின் பொருள் திரும்பவில்லை. "போனா கெடைக்கும்" என்பதும் அதோடு போய்விட்டது, அது கொஞ்சம் இழப்புதான். குறைந்ததற்கு அவர் சொன்ன இரண்டு காரணத்தில் ஒன்று இப்போது இல்லை. அதனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு "கலங்கலால்தான் பாசி குறைவு" என்று உங்கள் பேச்சில் எங்கும் முடிவு கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது, நல்லது. சிலர் பதிலைத் தொடாமல் கேள்வியை மாற்றுவார்கள். அதே பதிலின் மேல் "கடல் மாசால் தொழில் அழிகிறதா?" என்று போட்டுப் பாருங்கள், "குறைஞ்சுதான் போச்சு" என்பதன் பொருளே வேறாகிவிடும்.

படிப்புச் செலவில் இருவரும் இரண்டு தொகை சொன்னால், பேட்டி யாருடையதோ அவருடையதைப் போடுங்கள். அந்தத் தொகை கட்டுரைக்கு அத்தனை முக்கியம் என்றால் பள்ளி ரசீதைப் பார்த்துவிடுங்கள். முக்கியமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பனைமரத்தடி

படித்துக் காட்டினால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்களே? அரசியல்வாதியிடம் படித்துக் காட்டினால் பேட்டியே மிஞ்சாது.

வடகடல்

அரசியல்வாதிக்கு நானும் படித்துக் காட்ட மாட்டேன். அவர் பேசத் தெரிந்து பேசுகிறவர், பதிவு போதும். முதல் தடவை பேட்டி கொடுப்பவருக்குப் படித்துக் காட்டுவேன். சரியாக எழுதியிருக்கிறேனா, இது வெளியே போனால் உங்களுக்குத் தொந்தரவு வருமா, இந்த இரண்டு கேள்விதான் கேட்பேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நீங்கள் சொல்வதுபோல் ஆகிவிடும். இதையும் எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொள்வதில்லை, எங்கள் ஆசிரியரே எதிர்த்தார்.

நவபாஷாணம்

உப்பளம், தலைப்பு என்ன வைத்திருக்கிறீர்கள்?

உப்பளம்

"ஒரு எடத்துல முங்குனா பை நெறையும்" என்று அவர் சொன்னதையே வைக்கலாம் என்றிருக்கிறேன்.

நவபாஷாணம்

"முன்னாடியெல்லாம்" எங்கே போச்சு?

உப்பளம்

தலைப்பு நீளமாகிறதே என்று விட்டேன். சேர்த்துவிடுகிறேன்.

கீழக்கரைக்காரன்

எனக்கும் ஒருவர் பதில் சொன்னால் நன்றாக இருக்கும், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.